‘எல்லா வியாபாரத்துக்கும் ஏற்றது’ என்று எழுதாதீர்கள்

எந்த ஊர்க் கடைத்தெருவிலும் பூட்டிய ஷட்டர் ஒன்றாவது இருக்கும். அதன் மேல் பெயின்ட்டில் ‘கடை வாடகைக்கு விடப்படும்’ என்று எழுதி, கீழே ஒரு கைபேசி எண். நாளிதழின் வரி விளம்பரத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ வந்தாலும் இதே வாசகம்தான். கூடுதலாக இரண்டு சொற்கள் சேரும்: ‘மெயினான இடம்’, ‘எல்லா வியாபாரத்துக்கும் ஏற்றது’. இதைப் படித்துவிட்டுப் போன் செய்கிறவர் கேட்கும் கேள்விகளைக் கவனித்தால், விளம்பரத்தில் எதுவுமே சொல்லப்படவில்லை என்பது தெரியும்.

“அண்ணே, கடை இன்னும் இருக்குங்களா?”

“இருக்கு தம்பி.”

“ரோட்டு மேலயா, உள்ள தள்ளியா? முகப்பு எத்தனை அடி? முன்னாடி என்ன கடை இருந்துச்சு? ஏன் காலி பண்ணாங்க?”

கடையைத் தேடுகிறவருக்கு வேண்டியது நாலு சுவரும் ஒரு கூரையும் அல்ல. அந்த ஷட்டருக்கு முன்னால் யார் போகிறார்கள், அவர்கள் கண்ணில் கடை படுமா, நின்று வாங்குவார்களா என்பதுதான். வீட்டு வாடகை விளம்பரத்தில் உள்ளே இருப்பதை எழுத வேண்டும். கடை விளம்பரத்தில் வெளியே இருப்பதை எழுத வேண்டும். நம் ஊர் விளம்பரங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. டைல்ஸ் போட்டிருக்கிறது, புதிதாக வெள்ளையடித்திருக்கிறது என்று இருக்கும். எதிரே டிரான்ஸ்பார்மர் நிற்பது இருக்காது.

இதனால் வாடகைக்கு வருகிறவருக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். பொருந்தாத வியாபாரம் வந்து உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் காலி செய்துவிடும். அடுத்து ஒருவர் வருவார், அவரும் போவார். மூன்றாவது ஆள் போனதும் தெருவே ‘அந்தக் கடை ராசியில்லை’ என்று பேசத் தொடங்கிவிடும். பிறகு வாடகையைக் குறைத்தாலும் ஆள் வருவது கஷ்டம். பல கடைகளின் ராசி இப்படிப் பொருத்தம் பார்க்காமல் விட்டதில் கெட்டதுதான்.

ஒரு கடையை எடுத்துக்கொண்டு, அதற்கு எப்படி விளம்பரம் எழுதுவது என்று கடைசிவரை போய்ப் பார்க்கலாம். நகராட்சி அளவிலான ஒரு ஊர் என்று வைத்துக்கொள்வோம். மெயின் ரோட்டிலிருந்து வடக்கே பிரிந்து குடியிருப்பு நகருக்குள் போகும் தெரு. தெரு திரும்பி 60 மீட்டரில், மேற்குப் பார்த்த ஒரு வீட்டின் முன் அறை கடையாக மாற்றப்பட்டிருக்கிறது. மாடியில் வீட்டுக்காரர் குடியிருக்கிறார். கடையிலிருந்து மெயின் ரோட்டுப் பக்கமாக 80 மீட்டரில் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் வாசல். கேட்கும் வாடகை மாதம் 9,000 ரூபாய்.

முதலில் முகப்பு. ‘பத்தடி முகப்பு’ என்று வாயால் சொல்லிவிடுவது சுலபம். டேப்பை வைத்து அளந்தால் வேறு கணக்கு வரும். அளக்க வேண்டியது இரண்டு அளவு. ஒன்று, உள்ளே சுவருக்குச் சுவர் அகலம். மற்றொன்று, ஷட்டரைத் தூக்கினால் கிடைக்கும் திறப்பு. நம் கடையில் உள் அகலம் ஒன்பதரை அடி, ஷட்டர் திறப்பு எட்டடி. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவது எட்டடிதான். அந்த எட்டடியில் கண்ணாடிப் பெட்டி ஒன்று வைத்தால் ஆள் நுழைய மூன்றடி வழி மிஞ்சும். பழக்கடை, பேக்கரி, ஜூஸ் கடை மாதிரி பொருளைக் கண்ணில் காட்டி விற்கிற வியாபாரத்துக்கு இந்த எட்டடியே உயிர். இதைப் பத்து என்று எழுதினால், பார்க்க வருகிற பேக்கரிக்காரர் ஷட்டரைப் பார்த்ததும் திரும்பிப் போவார்.

அடுத்து, முகப்புக்கு முன்னால் இருப்பவை. வாசலின் வலது ஓரத்தில் ஈபி கம்பம் நிற்கிறது. இரண்டடி அகலச் சாக்கடை, மேலே சிமென்ட் பலகை. அதைத் தாண்டினால் இரண்டு படி, மொத்தம் 14 அங்குல உயரம். இந்த மூன்றும் வியாபாரத்தைத் தொடுகிற விஷயங்கள். கம்பம், தெற்கே மெயின் ரோட்டிலிருந்து வருகிறவருக்குப் பெயர்ப்பலகையை மறைக்கிறதா, வடக்கிலிருந்து வருகிறவருக்கா என்று இரண்டு பக்கமும் முப்பதடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். படி உயரமாக இருந்தால் வயதானவர்கள் மருந்துக்கடைக்கு ஏறத் தயங்குவார்கள். தையல் கடைக்கு அது பெரிய தடையில்லை.

சாக்கடைப் பலகை இருக்கும் இடம் உள்ளாட்சியுடையது. அதையும் தாண்டித் தகர ஷீட் இறக்கி, ‘முன்னால் நாலடி இடமும் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று விளம்பரத்தில் சேர்க்கிறவர்கள் உண்டு. ஆக்கிரமிப்பு அகற்றும் வண்டி வருகிற அன்று அந்த நாலடியும் போகும், அதை நம்பி வாடகை பேசியவரின் நிம்மதியும் போகும். உங்கள் பத்திரத்தில் இருக்கிற இடத்தை மட்டும் முகப்பாகக் கணக்கிடுங்கள். சாலை அகலப்படுத்தக் குறியிட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுவது நல்லது. எப்படியும் பக்கத்துக் கடைக்காரர் சொல்லிவிடுவார்.

எந்தத் திசை பார்த்த கடை என்று கேட்காதவர் நம் ஊரில் குறைவு. முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருந்தால் சிம்மமுகம், அது கடைக்கு நல்லது என்பார்கள். முன்பக்கம் குறுகினால் கோமுகம், வீட்டுக்கு ஆகும் என்பார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் திசையை எழுதியே ஆக வேண்டியதற்கு வாஸ்து அல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. மேற்குப் பார்த்த கடையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே விழும். ஷோகேஸில் தொங்கும் துணி சாயம் வெளுக்கும், சாக்லேட் இளகும், மருந்துப் பெட்டிகள் சுடும். எதிரே மாடிக் கட்டடமோ மரமோ இருந்தால் இது தெரியாது. நம் கடைக்கு எதிரே காலி மனை. ஆகவே மறைப்புத் திரையோ சன்ஷேடோ தேவை. அதை வீட்டுக்காரர் போட்டுத் தருவாரா, குடிவருகிறவர் போட வேண்டுமா என்பதை முதலிலேயே எழுதிவிட்டால் பின்னால் பேச்சு மிச்சம்.

இனி ஆள் நடமாட்டம். இதில்தான் அதிகமாகப் புளுகு நடக்கிறது, பெரும்பாலும் தெரியாமலேயே. ‘எப்பவும் கூட்டமாவே இருக்கும்’ என்று வீட்டுக்காரர் சொல்வது அவர் கண்ட காட்சி; மாடியிலிருந்து காலை எட்டரை மணிக்குப் பார்த்தது. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும், அதற்குப் பெரிய ஏற்பாடும் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா. கடை வாசலில் நின்று கால் மணி நேரம் எண்ணி, நாலால் பெருக்கினால் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கணக்கு. பள்ளி, ஆபீஸ் நேரத்தில் கூட்டம் கால் மணிக்குள் ஏறி இறங்கிவிடும் என்பதால், அந்த நேரத்தை மட்டும் முழுதாக எண்ணுவது நல்லது. காலை, நடுப்பகல், சாயங்காலம், இரவு ஏழு மணி என நாலு நேரம் எண்ண வேண்டும். வாரநாளில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. தீபாவளிக்கு முந்தைய வாரம் எண்ணினால் ஊரே உங்கள் கடை வாசலில் போவதுபோல் இருக்கும். பள்ளித் தெருவில் மே மாதம் எண்ணினால் யாருமே இல்லாத தெருவாகத் தெரியும். இரண்டும் பொய்.

எண்ணும்போது தலையை மட்டும் எண்ணக் கூடாது. நடந்து போகிறவர், டூவீலரில் போகிறவர் என்று பிரிக்க வேண்டும். கடைப் பக்கமாகப் போகிறவர், எதிர்ப் பக்கமாகப் போகிறவர் என்று இன்னொரு பிரிவு. முடிந்தால் பக்கத்துக் கடையில் கால் மணிக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளலாம். போகிற கூட்டத்தைவிட நிற்கிற கூட்டம்தான் வியாபாரம். பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஆயிரம் பேர் போவார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் புடவை பார்க்க நிற்க மாட்டார்.

நம் கடை வாசலில் எண்ணியதில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டேகாலில் தொடங்கிய கால் மணியில் நடந்து போனவர்கள் 140 பேர், அதில் 100 பேர் மாணவிகள். டூவீலர் 90. பதினொன்றரைக்கு நடந்தவர்கள் 20, வண்டி 25. மாலை நாலேகாலுக்கு மீண்டும் மாணவிகள், நூறு பேருக்குக் குறையாமல். இரவு ஏழு மணிக்கு நடந்தவர்கள் 45, வண்டி 80. ஆனால் அந்த எண்பது வண்டியில் பெரும்பகுதி தெருவின் எதிர்ப் பக்கமாகப் போனது.

ஏன் எதிர்ப் பக்கம்? இது விளம்பரம் எழுதுகிறவர்கள் அநேகமாகக் கவனிக்காத இடம். நாம் சாலையில் இடப்பக்கமாகப் போகிறவர்கள். நம் கடை மேற்குப் பார்த்தது, அதாவது தெருவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. காலையில் நகரிலிருந்து மெயின் ரோட்டுக்கு, வடக்கிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு இடப்பக்கம் கிழக்கு. ஆகவே காலைக் கூட்டம் நம் வாசலை உரசிக்கொண்டு போகும். சாயங்காலம் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு இடப்பக்கம் மேற்கு. அவர்கள் எதிர் ஓரத்தில் போவார்கள். பால், காய்கறி, பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் பக்கோடா என்று வீட்டுக்கு வாங்கிப் போகும் பழக்கமெல்லாம் திரும்பி வரும் நேரத்தில்தான். அந்த நேரத்தில் வண்டியை வலப்பக்கம் திருப்பி, எதிரில் வருகிறவருக்கு வழிவிட்டு, பிறகு வந்து நிற்க எல்லாருக்கும் பொறுமை இருக்காது. நடந்து வருகிறவருக்குத் தெருவைக் கடப்பது பெரிதில்லை. நடுவில் தடுப்புச் சுவர் வைத்த மெயின் ரோடாக இருந்தால் அதுவும் முடியாது. அங்கே எதிர்ப் பக்கத்து நடமாட்டத்தைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

ஆகவே இது காலைக் கடை, அதோடு மாணவிகள் போகும் கடை. இப்போது எந்த வியாபாரம் பொருந்தும் என்ற கேள்விக்கு வரலாம்.

கூட்டத்தைப் பார்த்ததும் முதலில் தோன்றுவது ஸ்டேஷனரி. கணக்கு போட்டுப் பார்ப்போம். வாடகை 9,000 என்றால் ஒரு நாளைக்கு 300 ரூபாய். காலையில் பள்ளி நேரம் முழுவதும் 200 மாணவிகள் கடந்து போகிறார்கள் என்று வைப்போம். பத்தில் ஒருவர் நின்றால் இருபது பேர். பேனா, ரீஃபில், சார்ட் என்று ஆளுக்குப் பதினைந்து ரூபாய்க்கு வாங்கினால் 300 ரூபாய் விற்பனை. நூற்றுக்கு இருபது நின்றால் லாபம் 60. மாலையிலும் அதே அளவு என்றால் ஒரு நாளைக்கு 120. தெருவையே நிறைக்கிற அந்தக் கூட்டம் வாடகையில் பாதியைக்கூடத் தரவில்லை! அதுவும் பள்ளி திறந்திருக்கும் நாட்களில் மட்டும். மீதி 180 ரூபாய்க்கு ஜெராக்ஸ் போட்டால், ஒரு பிரதியில் ஒரு ரூபாய் நிற்கும் என்று கொண்டு, தினம் 180 பிரதி வேண்டும். இது எட்டக்கூடிய எண்தான். ஆகவே ஸ்டேஷனரி மட்டும் போதாது. ஸ்டேஷனரியோடு ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று சேர்த்து நடத்துகிறவருக்குத்தான் இந்தக் கடை. இதில் மின்கட்டணமும் ஆள் சம்பளமும் இன்னும் சேரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்து பிளவுஸ் தைக்கும் தையல் கடை. கூட்டம் இதற்குத் தேவையே இல்லை. தேடி வருகிற வியாபாரம் இது. நன்றாகத் தைக்கிறவர் என்று பெயர் எடுத்தால் நாலு தெரு தள்ளியிருந்தும் வருவார்கள். ஒரு பிளவுஸில் நூல், லைனிங், கூலி போக 100 ரூபாய் நிற்கும் என்றால் தினம் மூன்று பிளவுஸ் வாடகையைக் கட்டிவிடும். பிள்ளைகளைப் பள்ளியில் விட வருகிற அம்மாக்கள் காலையில் அந்த வழியாகப் போகிறார்கள். துணியைக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் அதே வழியில் வாங்கிக்கொண்டு போகலாம். நடமாட்டத்தை எண்ணாமல் இருந்திருந்தால், ‘பள்ளிக்கூடம் பக்கத்தில், ஸ்டேஷனரிக்கு ஏற்றது’ என்று எழுதி இந்த ஆளைத் தவறவிட்டிருப்போம். முகப்பும் கூட்டமும் குறைவாக வேண்டுகிற தொழில்கள் இப்படி நிறைய உண்டு: ஆடிட்டர் அலுவலகம், கூரியர், போட்டோ ஃபிரேம், மிக்ஸி பழுது பார்ப்பது. இவர்களுக்கு நிற்க இடமும் கண்டுபிடிக்க எளிதான அடையாளமும் இருந்தால் போதும்.

மருந்துக்கடைக்கு ஆகுமா? இங்கே சட்டம் குறுக்கே வருகிறது. சில்லறை மருந்துக்கடைக்கு உரிமம் வேண்டுமென்றால் இடம் 10 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது ஏறக்குறைய 108 சதுர அடி. பத்துக்குப் பத்து கடை 100 சதுர அடிதான். ஊரெல்லாம் இருக்கும் அந்த அளவுக் கடையில் மருந்துக்கடை வைக்க முடியாது. நம் கடை உள்ளளவில் ஒன்பதரைக்குப் பதின்மூன்று, 123 சதுர அடி. ஆகவே தேறுகிறது. ‘மருந்துக்கடைக்குத் தேவையான பரப்பளவு உண்டு’ என்று ஒரு வரி எழுதினால் அந்தத் தொழிலில் இருப்பவருக்கு உடனே புரியும். ஆனால் சுவரின் கனத்தையும் சேர்த்து வெளியளவில் கணக்கிட்டு எழுதிவிட்டால், உரிமம் கேட்டுப் போகும்போது இடிக்கும்.

டீக்கடை வேண்டாம். காலைக் கூட்டம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் கூட்டத்தில் பெரும்பகுதி மாணவிகள். பள்ளி வாசல் 80 மீட்டரில் இருக்கிறது. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், சிகரெட்டும் புகையிலையும் விற்கச் சட்டம் இடம் தராது. டீயோடு சிகரெட்டையும் நம்பி நடக்கும் கடைகளுக்கு இது பெரிய அடி. அதற்கும் மேலாக, கிளாஸ் கழுவிய தண்ணீர் போக இந்தக் கடைக்குக் குழாயும் இல்லை, வடிகாலும் இல்லை. மாடியில் குடியிருப்பவருக்கு அடுப்புப் புகை நேராகப் போகும். ஹோட்டல், பஜ்ஜிக் கடை, கறிக்கடை எல்லாம் இதே காரணத்தால் விலகுகின்றன. மாவுமில்லுக்கு மும்முனை மின்சாரம் வேண்டும், அதிர்வும் இருக்கும். வீட்டோடு ஒட்டிய அறைக்கு ஆகாது.

மின்சாரம் என்றதும் இன்னொன்று. கடைக்கென்று தனி மீட்டர், வணிகக் கட்டண இணைப்பு இருக்கிறதா என்பதை எழுத வேண்டும். வீட்டு இணைப்பிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கடைக்கு விடுவது விதிமீறல். பிடிபட்டால் அபராதம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். ஒரு முனையா, மும்முனையா என்பதையும் சேர்த்து எழுதினால் பாதிப் போன் குறையும்.

‘ஆகாது’ என்பதை விளம்பரத்திலேயே எழுதத் தயங்குகிறவர்கள்தான் அதிகம். வருகிறவரை ஏன் விரட்ட வேண்டும் என்ற பயம். ஆனால் டீக்கடைக்காரர் வந்து, பார்த்து, பிடித்து, அட்வான்ஸும் கொடுத்தபின் ‘கேஸ் அடுப்பு வைக்கக் கூடாது’ என்று சொன்னால் வருவது சண்டை. எழுதும்போது ஒன்றில் கவனம் வேண்டும். எந்தத் தொழில் ஆகாது என்று எழுதலாம். எந்த ஆள் ஆகாது என்று எழுதக் கூடாது. சாதியையும் மதத்தையும் சுற்றி வளைத்துச் சொல்லும் விளம்பரங்கள் இன்றும் வருகின்றன, அவை அவமானகரமானவை.

வாடகையையும் அட்வான்ஸையும் மறைக்காமல் போடுவதே என் கட்சி. ‘நேரில் பேசிக்கொள்ளலாம்’ என்று போட்டால் 4,000 ரூபாய் மனதில் வைத்திருப்பவரும் 20,000 தரத் தயாராக இருப்பவரும் ஒரே நாளில் போன் செய்வார்கள். இரண்டு பேருக்கும் அது வீண். அட்வான்ஸ் பத்து மாதம் என்பது பல ஊர்களில் வழக்கம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. பதிவு செய்யத் தயார் என்று விளம்பரத்தில் ஒரு வரி இருந்தால் நிலையான வியாபாரிகள் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வார்கள். கடை முகவரியைக் காட்டி உரிமம், வங்கிக் கடன் என்று அலைய வேண்டியவர்கள் அவர்கள்தான்.

போட்டோ பற்றிச் சுருக்கமாக. உள்ளே போய் நாலு மூலையைப் படமெடுப்பதில் பயன் குறைவு. தெருவின் எதிர்ப் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு பக்கமும் முப்பதடி தள்ளி நின்று ஒவ்வொன்று, கடைக்குள் நின்று ஷட்டர் வழியாகத் தெருவைப் பார்த்து ஒன்று. பக்கத்துக் கடைகள் திறந்திருக்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். ஈபி கம்பத்தை ஒதுக்கி, சாய்வாகப் படமெடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நேரில் வந்தால் கம்பம் அங்கேதான் இருக்கும்.

எல்லாவற்றையும் சேர்த்தால் நம் கடைக்கான விளம்பரம் இப்படி வரும்:

‘கடை வாடகைக்கு. மெயின் ரோட்டிலிருந்து 60 மீட்டர் உள்ளே, தெருவை ஒட்டிய தரைத்தளம். மேற்குப் பார்த்தது. ஷட்டர் திறப்பு 8 அடி; உள்ளளவு 9½ × 13 அடி (123 சதுர அடி). இரண்டு படி. வாசல் வலது ஓரத்தில் மின்கம்பம் உண்டு. பெயர்ப்பலகைக்கு 9 × 3 அடி இடம். பெண்கள் பள்ளி 80 மீட்டரில். பள்ளி நாட்களில் காலை, மாலை நல்ல நடமாட்டம், பெரும்பாலும் மாணவிகளும் பெற்றோரும், நடுப்பகலில் குறைவு. கடை முன் இரண்டு டூவீலர் நிறுத்தலாம். தனி மீட்டர், வணிக இணைப்பு, ஒரு முனை. தண்ணீர் வசதி இல்லை. ஜெராக்ஸ் மற்றும் ஸ்டேஷனரி, பெண்கள் தையல், மருந்துக்கடை, அலுவலகத்துக்கு ஏற்றது. அடுப்பு வைக்கும் தொழில், மாவுமில், பட்டறைக்கு ஆகாது. முன்பு மொபைல் சர்வீஸ் கடை மூன்று வருடம் இருந்தது. மெயின் ரோட்டுக்கு இடம் மாறியது. வெயில் மறைப்பு போட்டுத் தரப்படும். வாடகை 9,000, அட்வான்ஸ் 30,000. எழுத்து ஒப்பந்தம், பதிவு உண்டு.’

நீளம்தான். நாளிதழில் வரிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் இடத்தில் இதைப் பாதியாக்க வேண்டியிருக்கும். அப்போது எதை வெட்டலாம்? படியையும் பெயர்ப்பலகை அளவையும் வெட்டலாம். ஷட்டர் திறப்பு, யார் எப்போது போகிறார்கள், எது ஆகும், எது ஆகாது, வாடகை ஆகிய ஐந்தையும் தொடக் கூடாது. புரோக்கரிடம் கொடுத்தாலும் இதையே எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மூன்றாவது ஆளிடம் போகும்போது ஷட்டர் பன்னிரண்டு அடியாகிவிடும்.

நேரமும் பார்க்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் புதுக்கடை திறக்கிறவர்கள் குறைவு. ஆனால் ஆவணியில் திறக்க நினைப்பவர் ஆடியிலேயே இடம் பார்த்துப் பேசி வைத்திருப்பார், தையில் திறக்கிறவர் மார்கழியில் தேடுவார். கடை காலியாகப் போவது முன்கூட்டித் தெரிந்தால் விளம்பரத்தை அந்த மாதங்களில் போடுங்கள். பள்ளித் தெருக் கடையாக இருந்தால் ஏப்ரலிலேயே போட்டுவிடுவது மேல். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வியாபாரி சரக்கோடு தயாராக இருக்க வேண்டும்.

கடை முடிந்துவிட்டால் அன்றே ஷட்டரில் எழுதியதை அழித்து, போட்ட விளம்பரத்தையும் எடுத்துவிடுங்கள். உங்களுக்கு வரும் வீண் போன்கள் நிற்கும், வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர் அலைவதும் நிற்கும்.